தோள்பட்டை முடிச்சுக்கு ஒரு டென்னிஸ் பந்து: சுவரில் சாய்ந்து நாமே செய்துகொள்ளும் மசாஜ்

நாள் முழுக்க உட்கார்ந்து வேலை பார்த்தவர்களின் கை, மாலையானால் தானாகவே போய்த் தேடும் இடம் ஒன்று உண்டு. இடது கையை வலது தோளுக்கு மேலாகப் பின்னால் போட்டு நடுவிரலால் அழுத்தினால், ‘அங்கேதான், அங்கேதான்’ என்று தோன்றும். விரலுக்கடியில் கயிறு மாதிரி ஏதோ உருளும். சில சமயம் நறநறவென்று ஒரு சத்தமும் கேட்கும். இதைத்தான் முடிச்சு என்கிறோம். கட்டி, பிடிப்பு, இறுக்கம் என்று வேறு பெயர்களும் உண்டு.

இந்த முடிச்சோடு எனக்கு முதல் சண்டை வந்தபோது, கெட்டியான ரப்பர் பந்து ஒன்றை வாங்கித் தரையில் போட்டு, அதன் மேல் முதுகை வைத்து இருபது நிமிடம் படுத்திருந்தேன். வலிக்க வலிக்க நல்லது என்று நினைப்பு. மறுநாள் காலையில் சட்டைக்குள் கையை நுழைக்க முடியவில்லை. முதுகில் உள்ளங்கை அகலத்துக்குக் கன்றிப்போயிருந்தது. அதைப் பார்த்த பிசியோதெரபிஸ்ட் சிரித்துக்கொண்டே கேட்டார்: “முடிச்சை உடைக்கப் பார்த்தீங்களா? உடைக்கிறதுக்கு அங்க ஒண்ணும் இல்லீங்களே!”

அவர் சொன்னது சரியாகப் புரியவே எனக்குக் கொஞ்ச நாள் ஆனது. அது புரிந்த பிறகு பந்தைப் பயன்படுத்தும் விதம் அடியோடு மாறிவிட்டது.

விரலுக்கடியில் இருப்பது என்ன

முதுகின் மேல் பகுதியில் இருபக்கமும் முக்கோணமாக ஓர் எலும்பு இருக்கிறது, தோள்பட்டை எலும்பு. அதன் மேல் மூலை, அதாவது முதுகெலும்பை நோக்கி இருக்கும் உள்மூலைதான் நாம் தேடும் இடம். கழுத்தின் மேல் நான்கு எலும்புகளிலிருந்து ஒரு தசை பட்டையாக இறங்கி வந்து, சரியாக அந்த மூலையில் ஒட்டிக்கொள்கிறது. லெவேட்டர் ஸ்கேப்புலே என்பது அதன் பெயர். அதற்கு மேல் ட்ரபீசியஸ் என்ற அகலமான தசை போர்வைபோல் மூடியிருக்கிறது.

தோளைத் தூக்குவதும், தலை முன்னால் தொங்கும்போது அதைப் பின்னாலிருந்து இழுத்துப் பிடிப்பதும் இந்த இரண்டுக்கும் வேலை. நம் தலை 4 முதல் 5 கிலோ எடை. திரையை நோக்கிக் குனிந்தபடி மூன்று மணி நேரம் அசையாமல் இருந்தால், அந்த எடையை இந்தப் பட்டை அவ்வளவு நேரமும் சின்னச் சின்ன இழுவையில் தாங்கிக்கொண்டிருக்கிறது. கூன் போட்டதால்தான் வந்தது என்று சொல்வார்கள். நேராக நிமிர்ந்து மூன்று மணி நேரம் அசையாமல் உட்கார்ந்தாலும் இதே இடம் வலிக்கும். உட்கார்ந்த விதத்தைவிட, அசையாமல் இருந்ததைத்தான் நான் அதிகம் சந்தேகிப்பேன்.

சரி, அந்தக் கயிறு? அமெரிக்க மருத்துவர் ஜேனட் டிராவல், பிற்பாடு அதிபர் கென்னடிக்கு மருத்துவராக இருந்தவர், இப்படிப்பட்ட புள்ளிகளை ட்ரிகர் பாயின்ட் என்று அழைத்துப் பரப்பினார். தசை நாரின் ஒரு சிறு பகுதி சுருங்கியபடியே நின்று, ரத்த ஓட்டம் குறைந்து வலிக்கிறது என்பது அவர் வழி வந்தவர்களின் விளக்கம். இது இன்றும் விவாதத்தில் இருக்கிறது. ஒரே ஆளைத் தொட்டுப் பார்த்த இரண்டு நிபுணர்கள் முடிச்சு இருக்கும் இடத்தை வேறுவேறாகக் காட்டுவது சாதாரணம். வலியே இல்லாதவர் முதுகிலும் அந்தக் கயிறு உருளும். நறநறப்பும் அப்படித்தான், வலி இல்லாதவரை அதற்குப் பொருள் எதுவும் கிடையாது. ஆனால் அந்த இடம் தொட்டால் கூசி வலிக்கிறது என்பதும், சரியாக அழுத்தினால் அந்த வலி கொஞ்ச நேரத்துக்குக் குறைகிறது என்பதும் யாரும் மறுக்காத விஷயம்.

பந்து எதைச் செய்யும்

ஒரு நிமிடம் இரண்டு நிமிடம் அழுத்தி எடுத்தால் இரண்டு மாற்றங்கள் தெரியும். அதே இடத்தை அழுத்தும்போது வலி குறைந்திருக்கும். கழுத்தும் தோளும் முன்பைவிடச் சற்று அதிகம் திரும்பும். இது பெரும்பாலும் பத்து நிமிடத்திலிருந்து அரை மணி நேரம் வரை நிற்கும், பிறகு மெல்லக் கரைந்துபோகும்.

தசை நீண்டுவிட்டதாலோ, ஒட்டியிருந்த சவ்வு பிரிந்துவிட்டதாலோ இது நடப்பதில்லை. அந்தச் சவ்வுகள் நம் உடல் எடைக்கு வடிவம் மாறுகிற அளவுக்கு இளகியவை அல்ல. நரம்பு மண்டலம் அந்த இடத்தின் எச்சரிக்கையைக் கொஞ்சம் தணித்துவிடுகிறது என்பதுதான் இப்போது அதிகம் ஏற்கப்படும் விளக்கம். ஒரு காலில் மட்டும் ஃபோம் ரோலர் என்னும் நுரை உருளையை உருட்டினால் உருட்டாத காலும் சற்று இளகுவதைப் பல ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். முடிச்சு அவிழ்ந்ததுதான் காரணம் என்றால் மற்ற காலுக்கு அதில் என்ன பங்கு? (அழுத்தினால் நச்சு வெளியேறுகிறது என்று சொல்பவரிடம் எந்த நச்சு என்று கேட்டுப் பாருங்கள், பேச்சு அங்கேயே நின்றுவிடும்.)

எச்சரிக்கையைத் தணிப்பதுதான் நோக்கம் என்றால், பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்துவது அதற்கு நேர் எதிரான வேலை. நான் இருபது நிமிடம் செய்தது அதைத்தான். அப்புறம், கிடைக்கிற அரை மணி நேரத்தை என்ன செய்கிறோம் என்பதும் முக்கியம். கீழே அதற்கு வருகிறேன்.

பந்தை எடுக்கும் முன்

இந்த இடத்தில் வரும் வலி எல்லாமே தசை வலி அல்ல. தோள்பட்டைகளுக்கு நடுவே வரும் வலியின் மூலம் பல நேரம் கழுத்தில் இருக்கும். கழுத்தின் கீழ்ப்பகுதி வட்டும் மூட்டும் கெட்டால், கழுத்தைவிட முதுகில் அதிகம் வலிக்கலாம். அதைக் கண்டுகொள்ள எளிய வழி: மேலே பார்த்தபடி வலிக்கும் பக்கமாகத் தலையை மெதுவாகத் திருப்புங்கள். முதுகு வலி அதிகமானாலோ கையில் சுர்ரென்று இறங்கினாலோ, பந்தைக் கீழே வைத்துவிடுங்கள். அதேபோல், வலிக்கும் பக்கத்துக் கையைத் தூக்கி உச்சந்தலையில் வைத்தால் கை வலி குறைகிறது என்றால், அழுத்தப்படுவது கழுத்து நரம்பாக இருக்கலாம். இப்படிப்பட்டவருக்குப் பந்து தற்காலிகச் சுகம் தரும், மூலத்தைத் தொடாது. பிசியோதெரபிஸ்டிடமோ மருத்துவரிடமோ காட்டுவதுதான் வழி.

மார்பில் அழுத்தம், வியர்வை, மூச்சுத்திணறல், தாடைக்கோ கைக்கோ பரவும் வலி ஆகியவற்றோடு முதுகு வலித்தால் அது அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டிய விஷயம். தோள்பட்டைகளுக்கு நடுவே திடீரென்று கிழிப்பதுபோல வலித்தாலும் அப்படியே. காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைதல், படுத்தாலும் அடங்காத இரவு வலி, கை பலவீனம், விழுந்து அடிபட்ட பிறகு வந்த வலி, முன்பு புற்றுநோய் இருந்தவருக்குப் புதிதாக வந்த வலி, இவற்றையெல்லாம் மசாஜ் செய்து பார்த்துவிட்டுப் போகலாம் என்று தள்ளிப்போடக் கூடாது. ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுபவர்களுக்குச் சுலபமாகக் கன்றிப்போகும். எலும்புத் தேய்மானம் என்று பொதுவாகச் சொல்வதல்ல, எலும்பு அடர்த்தி குறைந்து உடையும் நிலையில் இருப்பவர்கள், முக்கியமாக ரோலரை, தொடவே வேண்டாம். விலா எலும்புகள் அங்கே தோலுக்கு மிக அருகில் இருக்கின்றன.

எந்தப் பந்து

டென்னிஸ் பந்து. புதிதாக வாங்க வேண்டியதில்லை, அடித்து அடித்துத் தளர்ந்துபோன பழைய பந்து இன்னும் நல்லது. டென்னிஸ் பந்தின் விட்டம் சுமார் 6.5 செ.மீ. முதுகெலும்புக்கும் தோள்பட்டை எலும்பின் ஓரத்துக்கும் நடுவே உள்ள பள்ளமும் பெரும்பாலானவர்களுக்கு மூன்று நான்கு விரல் அகலம்தான். அதனால் பந்து அங்கே தானாகப் போய் உட்கார்ந்துகொள்ளும். லக்ராஸ் பந்து என்று விற்கும் கெட்டி ரப்பர் பந்தும் கிட்டத்தட்ட அதே அளவு, ஆனால் அமுங்காது. அழுத்தம் எல்லாம் ஒரே புள்ளியில் இறங்கும். இரண்டு மூன்று வாரம் டென்னிஸ் பந்தில் பழகி, அது போதவில்லை என்று தோன்றினால் அதற்குப் போகலாம். எனக்கு இன்றுவரை தேவைப்படவில்லை.

பந்தை நீளமான ஒரு சாக்ஸுக்குள் போட்டு, வாயை முடிந்துகொள்ளுங்கள். சாக்ஸின் மறுமுனையைத் தோளுக்கு மேலாக முன்னால் கொண்டுவந்து கையில் பிடித்தால், பந்து முதுகில் கிணற்று வாளி மாதிரி தொங்கும். இழுத்தால் ஏறும், விட்டால் இறங்கும். இது இல்லாமல் சுவரில் சாய்ந்தால் ஐந்து நிமிடத்தில் நான்கு தடவை குனிந்து பந்தைப் பொறுக்க வேண்டியிருக்கும்.

இடத்தைக் கண்டுபிடிப்பது, அளந்துகொள்வது

வலது பக்கம் வலி என்று வைத்துக்கொள்வோம். இடது கையை வலது தோளுக்கு மேலாகப் பின்னால் போடுங்கள். வலது தோளை மட்டும் மேலும் கீழும் அசையுங்கள். விரலுக்கடியில் நகரும் எலும்புதான் தோள்பட்டை எலும்பு. அதன் உள்மூலையைத் தடவிக் கண்டுபிடித்து, அங்கிருந்து ஒரு விரல் அகலம் மேலே, கழுத்தை நோக்கிப் போங்கள். வீணைத் தந்தியைத் தட்டுவதுபோல விரலைக் குறுக்கே இழுங்கள். பட்டை உருள்வது தெரியும். கை எட்டாதவர்கள் வேறு யாரையாவது தொட்டுக் காட்டச் சொல்லலாம்.

இனி, பலர் தாண்டிப் போகிற வேலை. பந்தைத் தொடும் முன் இரண்டு விஷயங்களை அளந்துகொள்ளுங்கள். நாற்காலியில் உட்கார்ந்து, உடம்பைத் திருப்பாமல் தலையை மட்டும் வலது பக்கம் போகிறவரை திருப்புங்கள். மூக்குக்கு நேராக என்ன தெரிகிறது? கதவின் விளிம்பா, ஜன்னல் கம்பியா? அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இடது பக்கமும் அப்படியே. பிறகு அந்த இடத்தை விரலால் அழுத்தி, வலிக்குப் பத்துக்கு எத்தனை என்று ஓர் எண் சொல்லுங்கள். இந்த இரண்டும் இல்லாவிட்டால், பந்து வேலை செய்ததா இல்லையா என்பதை ‘சுகமாக இருந்தது’ என்ற ஒன்றைத் தவிர வேறு எதை வைத்தும் சொல்ல முடியாது.

சுவரில்

முதுகு சுவரைப் பார்க்க நில்லுங்கள். குதிகால்கள் சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி இருக்கட்டும், முழங்கால் லேசாக மடங்கியிருக்கட்டும். சாக்ஸைப் பிடித்துப் பந்தை முதுகெலும்புக்கும் தோள்பட்டை எலும்பின் மேல் மூலைக்கும் நடுவில் தொங்கவிட்டு, மெதுவாகச் சாயுங்கள். பந்து எந்த நேரமும் நடு முதுகெலும்பின் மேல் இருக்கக் கூடாது. எலும்பு குத்துகிறது என்றால் இரண்டு செ.மீ. நகருங்கள். உடம்பை வலது பக்கமாகக் கொஞ்சம் திருப்பினால் எடை அந்தப் பக்கம் இறங்கும்.

இப்போது இடது கையில் சாக்ஸைப் பிடித்துக்கொண்டு, வலது கையை மார்புக்குக் குறுக்கே கொண்டுபோய் இடது தோளைத் தொடுங்கள், ஒற்றைக் கையால் தன்னைத்தானே கட்டிப்பிடித்துக்கொள்வதுபோல. தோள்பட்டை எலும்பு வெளிப்பக்கமாக விலகி, அதுவரை அதற்குள் ஒளிந்திருந்த இடம் பந்துக்குக் கிடைக்கும். பந்து திடீரென்று ஒரு படி உள்ளே இறங்கியதுபோல இருக்கும். கையைத் தொங்கவிட்டபடி செய்தவர்கள் ‘எனக்குப் பந்து அந்த இடத்தில் படவே இல்லை’ என்று சொல்வது இதனால்தான்.

அழுத்தம் எவ்வளவு? பத்துக்கு நான்கு அல்லது ஐந்து. வலிக்கிறது, ஆனால் பக்கத்தில் ஒருவர் பேசினால் சாதாரணமாகப் பதில் சொல்ல முடிகிறது, அந்த அளவு. முகம் சுளிக்கிறதா, மூச்சு நிற்கிறதா, மற்ற தோள் மேலே ஏறுகிறதா என்று பாருங்கள். மூன்றில் ஒன்று இருந்தாலும் கால்களைச் சுவருக்குப் பக்கத்தில் கொண்டுவந்து எடையைக் குறையுங்கள். அரை மணி நேரம் உருட்டத் தேவையில்லை. முதலில் அசையாமல் ஐந்தாறு மூச்சு, அதாவது அரை நிமிடம் நில்லுங்கள். பெரும்பாலும் நான்காவது ஐந்தாவது மூச்சில் வலி ஐந்திலிருந்து மூன்றுக்கு இறங்கும். இறங்காமல் ஏறிக்கொண்டே போனால் அந்த இடம் அன்றைக்குச் சரிப்படாது, பக்கத்தில் நகர்ந்துவிடுங்கள்.

வலி இறங்கியதும் அசைவைச் சேருங்கள். பந்து அங்கேயே இருக்க, முகவாயை எதிர்ப்பக்க அக்குளை நோக்கி மெதுவாகத் தாழ்த்தி, மறுபடி நிமிருங்கள். ஐந்து முறை. அந்தத் தசை நீளும் திசை அதுதான் என்பதால் பந்துக்கடியில் பட்டை நழுவுவதை உணரலாம். அடுத்து வலது கையை முன்னால் நீட்டி, தலைக்கு மேல் தூக்கி இறக்குங்கள். இதுவும் ஐந்து முறை. கடைசியாக முழங்காலை மடக்கி நிமிர்த்தி, பந்தைத் தோள்பட்டை ஓரத்தை ஒட்டி மூன்று நான்கு செ.மீ. மட்டும் மேலும் கீழும் உருளவிடுங்கள். ஓர் இடத்துக்கு ஒன்றரை, இரண்டு நிமிடம். ஒரு பக்கத்துக்கு ஐந்து நிமிடத்தைத் தாண்ட வேண்டாம்.

உடனே நாற்காலிக்குத் திரும்பி மறுபடி அளந்து பாருங்கள். கதவு விளிம்பைத் தாண்டித் திரும்புகிறதா? வலியின் எண் இரண்டு புள்ளியாவது குறைந்ததா? இரண்டும் மாறவில்லை என்றால் ஒன்று பந்து தப்பான இடத்தில் இருந்தது, அல்லது வலி அங்கிருந்து வரவில்லை. மூன்று நாள் இடத்தை மாற்றி மாற்றிப் பார்த்தும் மாற்றமில்லை என்றால் நான் இரண்டாவதைத்தான் சந்தேகிப்பேன்.

தோளின் மேற்பரப்பு, பை மாட்டும் இடம், சுவரில் சாய்ந்தால் எட்டாது. அதற்கு எதிர்க் கையால் அந்தச் சதையைக் கொத்தாகப் பிடித்து, லேசாகத் தூக்கி, தலையை மெதுவாக இருபக்கமும் திருப்பினாலே போதும். பந்துதான் வேண்டும் என்றால் கதவு நிலையை நோக்கி நின்று இடுப்பிலிருந்து குனிந்து, தோளின் மேல்பக்கத்துக்கும் நிலைச்சட்டத்துக்கும் நடுவில் பந்தை வைத்து லேசாக முன்னால் தள்ளலாம். ஆனால் ஓர் எல்லை உண்டு. கழுத்தின் பக்கவாட்டிலும் முன்புறத்திலும், காறை எலும்புக்கு மேலே உள்ள குழியிலும் எதையும் வைத்து அழுத்தக் கூடாது. தலைக்குப் போகும் ரத்தக்குழாயும் கைக்குப் போகும் நரம்புக் கொத்தும் அங்கேதான் இருக்கின்றன.

ரோலரை எங்கே வைப்பது

ஃபோம் ரோலரைப் பொறுத்தவரை எனக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. முடிச்சைத் தேடிப் பிடிக்க அது லாயக்கில்லை. சுமார் 15 செ.மீ. விட்டமுள்ள உருளை, முதுகெலும்பும் தோள்பட்டைகளும் மேடாக நிற்கும் இடத்தில் பள்ளத்துக்குள் இறங்காது. நடு முதுகைப் பின்னால் வளைக்கத்தான் அது நல்ல சாமான். நாள் முழுக்க முன்னால் குனிந்திருந்தவருக்கு அந்த வளைவு தனி சுகம்.

ரோலரைக் குறுக்கே போட்டு, தோள்பட்டைகளின் கீழ்முனை அதன் மேல் படும்படி மல்லாந்து படுங்கள். முழங்கால் மடங்கியிருக்கட்டும், இடுப்பு தரையில் இருக்கட்டும். இரண்டு கைகளையும் பின்தலையில் கோத்துத் தலையின் எடையைக் கைகளுக்குக் கொடுத்துவிடுங்கள். மூச்சை விட்டபடி ரோலருக்கு மேலாகப் பின்னால் வளையுங்கள், இரண்டு மூச்சு இருந்துவிட்டு எழுங்கள். முகவாய் வானத்தைப் பார்க்க வேண்டாம், வளைவது கழுத்து அல்ல, முதுகு. பிறகு ரோலரை இரண்டு விரல் மேலே நகர்த்தி மறுபடி. நான்கைந்து இடம் போதும். கழுத்துக்கும் கீழ்முதுகுக்கும் ரோலர் போகக் கூடாது. ரோலர் இல்லையென்றால் பெரிய துண்டை இறுக்கமாகச் சுருட்டிக் கட்டிக்கொள்ளலாம், தொடக்கத்துக்கு அதுவே மென்மையானதும்கூட.

அந்த அரை மணி நேரம்

பந்து திறந்துவிடுவது ஒரு சின்ன ஜன்னல்தான். அந்த நேரத்தில் திரும்ப அதே நாற்காலியில் போய் அசையாமல் உட்கார்ந்தால், ஜன்னல் மூடிக்கொள்ளும். வலி குறைந்திருக்கும் அந்த நேரம் தசைக்கு வேலை கொடுக்கத் தோதான நேரம்.

டென்மார்க்கில் நடந்து 2011இல் வெளியான ஓர் ஆய்வு இதில் எனக்குப் பிடித்தது. அடிக்கடி கழுத்தும் தோளும் வலிக்கும் அலுவலக ஊழியர்களை, ரப்பர் பட்டையின் ஒரு பகுதியைக் காலால் மிதித்து, முனைகளைக் கைகளில் பிடித்து, கைகளைப் பக்கவாட்டில் தோள் உயரம் வரை தூக்கி இறக்கச் சொன்னார்கள். ஒரு குழு தினம் 2 நிமிடம், இன்னொரு குழு 12 நிமிடம், வாரம் 5 நாள், மொத்தம் 10 வாரம். இரண்டு குழுவிலும் வலி குறைந்தது. இரண்டு நிமிடக்காரர்களும் பெரிதாகப் பின்தங்கவில்லை. பந்து அழுத்தியதும் செய்யவேண்டிய வேலை இதுதான். இரண்டு நிமிட முடிவில் கை சோர்ந்துபோகும் அளவுக்குப் பட்டை இழுக்க வேண்டும். சுலபமாக முடிந்தால் பட்டையைக் குட்டையாகப் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஒருவருக்கு நடந்தது

வீடியோ எடிட்டிங் செய்யும் தோழி ஒருத்திக்கு இதைச் சொல்லிக்கொடுத்தேன். வலது பக்கம்தான் பிரச்சினை, ஏழெட்டு மாதமாக. கழுத்துச் சோதனை இரண்டிலும் எதுவும் தெரியவில்லை, கையில் மரத்துப்போவது இல்லை. முதல் நாள் இடது பக்கம் தலையைத் திருப்பினால் அலமாரி வரை போனது. வலது பக்கம் ஜன்னல் சட்டத்தோடு நின்றது. அழுத்தினால் வலி 7.

சுவரில் இரண்டு நிமிடம். திரும்பி வந்து உட்கார்ந்தபோது வலி 4, தலை ஜன்னலைத் தாண்டி ஸ்விட்ச் போர்டு வரை திரும்பியது. முகமெல்லாம் மலர்ச்சி. ஒரு மணி நேரம் கழித்து போன் வந்தது: “என்ன இது, பழையபடி ஏழுக்கே வந்துடுச்சே!” வரத்தான் செய்யும் என்றேன். பந்தோடு நிறுத்தாமல் பட்டைப் பயிற்சியையும் சேர்த்து, காலையில் ஒரு முறை, மாலையில் பந்து மட்டும் ஒரு முறை என்று ஆரம்பித்தாள்.

எட்டாம் நாள் தவறு செய்தாள். அன்று வேலை அதிகம், வலி அதிகம், அதனால் தரையில் படுத்துப் பந்தின் மேல் முழு எடையையும் போட்டுவிட்டாள். மறுநாள் கன்றிப்போய் வலி 8. இரண்டு நாள் பந்தை ஒதுக்கி வைத்துவிட்டு, கைகளை மட்டும் எடையில்லாமல் அசைத்துக்கொண்டிருந்தாள். மறுநாள் காலையில் லேசான நோவு இருந்து அன்றைக்கே மறைந்தால் அளவு சரி. கன்றிப்போனாலோ, நோவு இரண்டு நாள் நீடித்தாலோ அளவு மீறிவிட்டது என்று பொருள். அழுத்தும்போது கையில் சுர்ரென்றோ மரத்தோ போனால் பந்து நரம்பின் மேல் இருக்கிறது, உடனே நகர்த்த வேண்டும். தோள்பட்டை ஓரத்தை ஒட்டிக் கீழே ஒரு நரம்பு ஓடுகிறது.

மூன்றாம் வாரம் அவள் வேலை செய்வதை நேரில் பார்த்தேன். கீபோர்டின் எண் பகுதிக்கு அப்பால் மவுஸ் இருந்தது. அதை எட்டுவதற்காக வலது கை முழுதும் அந்தரத்தில் வெளியே நீண்டு, தோள் சற்றுத் தூக்கியே இருந்தது. எட்டு மணி நேரமும் அந்தத் தசைக்கு அதுதான் வேலை. எண் பகுதி இல்லாத சிறிய கீபோர்டு ஒன்றை மாற்றி, முழங்கை மேஜையில் படும்படி மவுஸை உள்ளே இழுத்தோம். பந்தையும் பட்டையையும்விட இதற்குத்தான் அதிகப் பங்கு என்று எனக்குத் தோன்றுகிறது, நிரூபிக்க முடியாது. மூன்றையும் ஒரே சமயத்தில் செய்தால் எது வேலை செய்தது என்று எப்படிச் சொல்வது?

நான்காம் வாரத்தில் காலை வலி 5க்கு வந்தது. நான்கு வாரத்தில் இந்தளவு மாற்றம்கூட இல்லாமல் இருந்திருந்தால், தொடரச் சொல்லியிருக்க மாட்டேன், போய்க் காட்டச் சொல்லியிருப்பேன். ஆறாம் வாரம் 3. கயிறு போய்விட்டதா என்று கேட்டால், இல்லை. விரலால் குறுக்கே இழுத்தால் இன்னமும் உருள்கிறது, நறநறக்கிறது. வலிக்கவில்லை, அவ்வளவுதான்.

ஏழாம் வாரம் ஒரு சோதனைக்காகப் பந்தை மட்டும் நிறுத்தச் சொன்னேன். பட்டைப் பயிற்சி தொடர்ந்தது. வாரக் கடைசியில் தலையைத் திருப்பிப் பார்த்தாள், ஸ்விட்ச் போர்டு வரை போனது. பந்து இப்போது சாக்ஸோடு கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது. போன மாதம் விடிய விடிய ஒரு வேலையை முடித்துக் கொடுத்த அன்றைக்கு மட்டும் எடுத்தாளாம், இரண்டு நிமிடம்.